கிடுகுக் குசினி இருந்தால் ஓட்டு வீட்டுக்குக் காப்புறுதி கிடைக்குமா?

கேள்வி: "திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடு. முன்பக்கம் முழுக்க ஓடு, பின்னால் ஒட்டியிருக்கிற குசினி மட்டும் கிடுகு. காப்புறுதி முகவர் வந்து பார்த்துவிட்டு கம்பெனி எடுக்காது என்கிறார். ஓட்டைக் கழற்றிவிட்டுக் கொங்கிரீட் பிளேட் போட்டால் எடுப்பார்களா? கட்டுப்பணமும் குறையுமா அண்ணா? வங்கிக் கடனுக்குக் கேட்கிறார்கள்."

ஓட்டில் கை வைக்காதீர்கள் தம்பி. உங்களுக்குத் தடையாக இருப்பது அந்தக் கிடுகுக் குசினிதான். அதைச் சரிசெய்தால் ஓட்டு வீடாகவே எடுப்பார்கள். பிளேட் போட்டால் கட்டுப்பணம் குறையும் என்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம், சில வேளை கூடவும் செய்யும். ஏனென்று கீழே கணக்கோடு சொல்கிறேன். கிழக்கு மாகாணத்தில் காப்புறுதிக்காக வீடுகளைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிற வேலையில் நீண்ட காலம் இருந்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். ஆனால் கட்டுப்பண வீதத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. அதனால் நான் போடும் கணக்கு, விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு மட்டும். அதை விலைப்பட்டியலாக எடுக்க வேண்டாம்.

முன்மொழிவுப் படிவத்தில் சுவர் எதனால் கட்டியது, கூரை எதனால் போட்டது என்று இரண்டு கேள்வி இருக்கும். கல் அல்லது சீமெந்துக் கல் சுவர், மேலே ஓடு, சீட் அல்லது கொங்கிரீட் என்றால் அது முதல் தரம். பலகைச் சுவரோ தகரச் சுவரோ என்றால் ஒரு படி கீழே போகும். கிடுகு, பனையோலை, வைக்கோல் எதுவானாலும் கடைசித் தரம். கடைசித் தரத்தைச் சில நிறுவனங்கள் அடியோடு எடுப்பதில்லை. சிலர் எடுப்பார்கள், ஆனால் கட்டுப்பணம் சில மடங்காகிவிடும், புயல் சேதம் அதில் சேராது. ஓலைக்கு நெருப்பும் எதிரி, காற்றும் எதிரி என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீங்கள் கவனிக்க வேண்டியது, ஓடும் சீட்டும் கொங்கிரீட்டும் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் நிற்கின்றன என்பதை. பெரிய பள்ளம் ஓலைக்கும் மற்ற மூன்றுக்கும் இடையில்தான் இருக்கிறது. ஓட்டிலிருந்து கொங்கிரீட்டுக்குப் போவது சின்னப் படி.

சரி, குசினி சின்னதுதானே, நூறு சதுர அடிக்காக வீடு முழுவதையும் ஏன் தள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். கட்டடம் ஒட்டியிருந்தால் அதில் மிக மோசமான பகுதி எதுவோ, அதுதான் முழு வீட்டின் தரம். நெருப்பு அப்படித்தான் போகிறது. நம் பக்கத்து ஓட்டு வீட்டில் சுவர் கூரைவரை ஏறுவதில்லை, வளையோடு நின்றுவிடும். அதற்கு மேலே கைமரத்துக்கும் ஓட்டுக்கும் இடையில் காற்று வருவதற்கென்று இடைவெளி விட்டிருப்போம். குசினிக் கிடுகில் பிடித்த நெருப்பு அந்த இடைவெளியால் உள்ளே ஏறினால், ஓடு எரியாது, அதைத் தாங்கும் கைமரமும் சலாகையும் எரியும். மரம் தளர்ந்தால் ஓடு மொத்தமாக உள்ளே விழும். ஆடி மாதக் கச்சான் நாட்களை நினைத்துப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து அனல்போல வீசும் காற்றில் கிடுகு அப்பளமாகக் காய்ந்து கிடக்கும், கீழே விறகடுப்பு எரியும். அந்த நிலையில் கிடுகில் ஒரு பொறி பட்டால் தண்ணீர் அள்ளி வருவதற்குள் நெருப்பு முகட்டை எட்டிவிடும். நான் பார்த்த குசினித் தீக்களில் பெரும்பாலானவை இந்த வழியாகத்தான் பெரிய வீட்டுக்குள் போயிருந்தன.

"குசினியை விட்டுவிட்டு முன்வீட்டுக்கு மட்டும் எழுதுங்கள்" என்று சிலர் கேட்பார்கள். ஒட்டியிருக்கிற வரைக்கும் அது உதவாது. குசினி எரிந்தால் காசு தரமாட்டோம் என்று எழுதிவிட்டாலும், குசினியிலிருந்து முன்வீட்டுக்கு நெருப்பு வரும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். பிரித்து எழுத வேண்டுமென்றால் உண்மையிலேயே பிரிந்திருக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் அறிக்கை எழுதும்போது இடையில் இருபது அடியாவது வெறுமையாக இல்லையென்றால் ஒரே கட்டடம் என்றுதான் எழுதுவேன். இடையில் கிடுகு வேலியோ, கிடுகு போட்ட நடைபாதையோ இருந்தால் அந்த இருபது அடியும் இல்லாத கணக்கு. இரண்டாவது வழி, நடுச்சுவரைக் கூரைக்கு மேலே ஒன்றரை அடி எழும்பும்படி கட்டி, கதவை இரும்பில் போடுவது. களஞ்சியங்களில் அப்படிச் செய்வார்கள். வீட்டுக்கு அந்தச் செலவு வீண்.

உங்களுக்குப் பொருத்தமானது மூன்றாவது வழி: குசினிக் கூரையை மட்டும் மாற்றுங்கள். கிடுகையும் கம்புகளையும் எடுத்துவிட்டு, இரும்புச் சட்டம் அடித்துச் சீட் போடுங்கள். சின்னக் குசினி என்றால் இரண்டு மூன்று நாள் வேலை. கிடுகை வருடா வருடம் மாற்றுகிற செலவும் நின்றுவிடும். அமானோ என்று நாம் சொல்லும் தகட்டுச் சீட்டா, அஸ்பெஸ்டஸ் சீட்டா என்பதைக் காப்புறுதிக்காரர் பெரிதாகப் பார்ப்பதில்லை. இரண்டும் எரியாத பொருள். ஆனால் நான் சொன்னால் தகட்டைத்தான் சொல்வேன். அஸ்பெஸ்டஸ் சூட்டில் வெடித்துச் சிதறும், தேங்காய் விழுந்தாலும் உடையும். உடைக்கும்போதும் வெட்டும்போதும் வருகிற தூசு நெஞ்சுக்குக் கெடுதி. தகட்டில் இன்னொரு விஷயம்: விறகுப் புகை வெளியே போக வழி வையுங்கள், புகைக்குழாய் கூரையைத் தொடும் இடத்தில் மரம் எதுவும் இருக்கக் கூடாது. பார்க்க வருகிறவர் அந்த இடத்தை அண்ணாந்து பார்ப்பார். நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இனி பிளேட் கணக்கு. உங்கள் வீடு 1,000 சதுர அடி என்று வைப்போம். இன்றைக்கு இடிந்தால் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 9,000 ரூபா ஆகும் என்று வைப்போம். அப்படியென்றால் காப்புறுதித் தொகை 90 இலட்சம். வீதத்தை ஆயிரத்துக்கு ஒரு ரூபா என்று எடுப்போம். அதில் 40 சதம் நெருப்புக்கு, 60 சதம் புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு. வருடக் கட்டுப்பணம் 9,000 ரூபா வரும். இப்போது ஓட்டை எடுத்துப் பிளேட் போடுகிறீர்கள். மேலே எரிய மரம் இல்லை என்று நெருப்புப் பங்கில் 10 சதம் குறைக்கிறார்கள் என்று வைப்போம். புயல் வெள்ளப் பங்கைப் பெரும்பாலும் இடத்தைப் பார்த்தே போடுவார்கள். கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், முன்பு வெள்ளம் வந்த இடமா என்பதுதான் அங்கே பேசும். ஆகவே அந்த 60 சதம் அப்படியே இருக்கும். வீதம் 90 சதமாகிவிட்டது, நல்லதுதான். ஆனால் கம்பி, கொங்கிரீட், அதைத் தாங்கத் தூணும் பீமும் என்று வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு 15 இலட்சம் கூடிவிட்டது. 105 இலட்சத்துக்கு 90 சத வீதம் போட்டால் 9,450 ரூபா. இலட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு வருடம் 450 ரூபா கூடக் கட்டுவீர்கள். வீதம் வேறாக இருந்தாலும் பெரும்பாலும் கணக்கின் போக்கு இதுதான்.

அதற்காகப் பிளேட் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. மேல்மாடி கட்டும் எண்ணம் இருந்தால் போடுங்கள், காற்றுக்கு அதைப்போல எதுவும் நிற்காது. ஆனால் காப்புறுதி இருக்கிறதே என்று ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நம் ஊரில் பிளேட்டுக்கு வரும் நோய் ஒழுக்கும் துருவும்தான். கடல் உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்து, அடிப்பக்கத்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். மேலே தண்ணீர் தேங்கினால் சுவர் முழுக்க ஈரம் ஊறும். இந்த இரண்டுக்கும் எந்த வீட்டுக் காப்புறுதியும் காசு தராது. மெதுவாக, காலப்போக்கில் வரும் சேதம் பத்திரத்தில் விலக்காக எழுதப்பட்டிருக்கும். காப்புறுதி என்பது திடீரென்று நடப்பதற்குத்தான்.

ஓட்டுக் கூரைக்கும் இதே விதி பொருந்தும், சண்டை அதிகம் வருவதும் அங்கேதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கே, திரியாய் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு காற்றில் கூரை நடுவில் கழன்று போவது குறைவு. இறவாணத்திலும் மூலையிலும் முகட்டிலும்தான் முதலில் தூக்கும். ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தள்ளும். பிறகு பார்க்க வருகிற மதிப்பீட்டாளர் ஓடு போன இடம், உடைந்த துண்டு விழுந்து கிடக்கும் திசை, அன்றைய காற்றின் திசை மூன்றையும் ஒப்பிடுவார். காற்று ஒரு வாயைத் திறந்து, அதனால் மழை உள்ளே வந்து கட்டில், அலுமாரி நனைந்திருந்தால் கொடுப்பார்கள். முன்னமே நகர்ந்திருந்த ஓட்டால் மழை ஒழுகினால் கொடுக்கமாட்டார்கள். ஒழுக்குக்கு அடையாளம் மறைக்க முடியாதது. மேல்தட்டிலும் சுவரிலும் வட்டம் வட்டமாகப் பழைய மஞ்சள் கறை இருக்கும், சலாகை கறுத்து உளுத்திருக்கும். புதுச் சேதத்தில் மரம் முறிந்த இடம் வெளுப்பாக இருக்கும்.

குரங்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், நம் ஊரில் ஓடு நகர்வதற்குக் காற்றைவிடக் குரங்குதான் அதிகம் காரணம். பத்திரங்களில் வழக்கமாக வாகனமோ கால்நடையோ மோதிய சேதம் என்றுதான் எழுதியிருக்கும். குரங்கு குதித்து உடைந்த ஓட்டுக்கு அதில் இடமில்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் ஆளை ஏற்றி ஓட்டைச் சீர்பார்த்துவிடுங்கள். அந்த ஆளுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டையும் ஒரு படத்தையும் எடுத்து வையுங்கள். புயலுக்குப் பிறகு "முன்னமே நகர்ந்திருந்தது" என்று சொல்ல வந்தால் அந்த இரண்டும்தான் உங்கள் சாட்சி. இறவாணத்தில் கீழ் மூன்று வரிசை ஓட்டைக் கம்பியால் சலாகையோடு கட்டச் சொல்லுங்கள், முகட்டோட்டுக்குச் சீமெந்துச் சாந்து போடச் சொல்லுங்கள், கைமரத்தை வளையோடும் வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் இறுக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் கட்டுப்பணம் குறைத்துத் தருவார்கள் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் கடற்கரைப் பக்கத்து வீட்டை எடுப்பதா விடுவதா என்று தயங்கும்போது இந்தப் பட்டியைப் படமெடுத்துக் காட்டி, எடுக்க வைத்திருக்கிறேன்.

வங்கிக்காக என்று சொன்னீர்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. கடன் 45 இலட்சம் என்றால் வங்கிக்கு 45 இலட்சத்துக்குப் பத்திரம் இருந்தாலே திருப்தி வரலாம். வீட்டைத் திரும்பக் கட்ட 90 இலட்சம் வேண்டும். புயலில் கூரையில் 6 இலட்சத்துக்குச் சேதம் என்று வையுங்கள். 45 இலட்சத்துக்கு எடுத்திருக்கிறேன், 6 இலட்சம் அதற்குள்தானே என்று நினைப்பீர்கள். சராசரி நிபந்தனை என்று ஒன்று பத்திரத்தில் இருக்கும். பாதி மதிப்புக்குத்தான் காப்புறுதி எடுத்தீர்கள், ஆகவே சேதத்திலும் பாதிதான் என்று 3 இலட்சமாக்குவார்கள். அதற்கு மேல் இயற்கை அனர்த்தங்களுக்கு உங்கள் பங்கு என்று ஒரு வீதம் கழியும். அது 10 சதவீதம் என்றால் கையில் வருவது 2 இலட்சத்து 70 ஆயிரம். கூரைச் சேதம் எப்போதும் வீட்டின் ஒரு பகுதிச் சேதம்தான், அதனால் இந்த நிபந்தனை கூரைக்காரரைத்தான் அதிகம் கடிக்கிறது. திரும்பக் கட்டும் முழுச் செலவுக்கு எடுங்கள். காணியின் விலையை அதில் சேர்க்க வேண்டாம், காணி எரியாது.

வெள்ளத்துக்கும் கடல்கோளுக்கும் கூரை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். அங்கே அத்திவாரம் எத்தனை அடி உயரம், கடல் எத்தனை தூரம் என்றுதான் கேட்பார்கள். 2004ஐப் பார்த்த நமக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. கடல்கோளும் நிலநடுக்கமும் உங்கள் பத்திரத்தில் சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டுமா என்று மட்டும் வாசித்துப் பாருங்கள். இன்னொன்று, வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விட்ட பிறகு போய் நின்றால் புதிதாக எழுதித் தரமாட்டார்கள். மாரி தொடங்குவதற்கு முன்னமே முடித்துவிடுங்கள்.

படிவத்தை முகவரிடம் கொடுத்து "நீங்களே நிரப்புங்கள்" என்று கையெழுத்து மட்டும் வைக்காதீர்கள். வேலை சுலபமாக முடியட்டும் என்று நல்லெண்ணத்தில்கூட அவர் "கூரை: ஓடு" என்று மட்டும் எழுதிவிடுவார். குசினி கிடுகாக இருந்து அங்கிருந்தே தீப்பிடித்தால், முக்கியமான விவரத்தை மறைத்தீர்கள் என்று முழுக் கோரிக்கையையும் தள்ளிவிட நிறுவனத்துக்கு வழி கிடைக்கும். கையெழுத்து உங்களுடையது, முகவர் எழுதினார் என்று பிறகு சொல்லி நிற்க முடியாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எழுதுங்கள்: முன்வீடு இத்தனை சதுர அடி ஓடு, குசினி இத்தனை சதுர அடி தகட்டுச் சீட், கிணற்றடிக் கொட்டில் இத்தனை அடி தள்ளி. நாலு பக்கமும் படமெடுத்து இணையுங்கள். படிவத்தின் பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எல்லாம் கொடுத்தும் ஒரு நிறுவனம் எடுக்காது என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு அடுத்த நிறுவனத்துக்குப் போகும்போது எதைச் சரிசெய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பத்திரம் கையில் வந்த பிறகும் இது முடிவதில்லை. வீட்டின் ஆபத்தைக் கூட்டும் மாற்றம் எதைச் செய்தாலும் அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். நம்மவர்கள் இதில் தவறுவது கொண்டாட்டத்தில்தான். கலியாணம், பூப்புனித நீராட்டு என்றால் முற்றத்தில் கிடுகுப் பந்தல் போட்டு அதை ஓட்டு இறவாணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கீழே வாணலியும் அடுப்பும், மேலே மின்குமிழ்ச் சரம். அந்த நாலு நாளுக்கு உங்கள் முதல் தர வீடு மறுபடி கிடுகு வீடுதான். ஒரு தொலைபேசி அழைப்போடு விடாமல், திகதி போட்டு மின்னஞ்சலோ கடிதமோ அனுப்புங்கள். நிறுவனம் சம்மதித்தால் பதிலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். சம்மதிக்காவிட்டால் பந்தலை வீட்டோடு ஒட்டாமல் தள்ளிப் போடச் சொல்லுங்கள், சமையலைக் காணியின் மற்றப் பக்கத்தில் வையுங்கள். குசினிக்குச் சீட் போட்டு முடிந்ததும் அந்தப் படத்தையும் செலவுச் சீட்டையும் அதே முகவரிடம் கொடுத்துத் திரும்பப் பார்க்க வரச் சொல்லுங்கள். அவர் சொன்ன தடை அப்போது இருக்காது.